மேசையில் கை பட்டாலே மைக்கில் 'தொம்': பூம் ஆர்ம் போட்ட பிறகும் போகவில்லை

மலர்_சுங்கைசிப்புட் · செவ்வாய், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தாத்தா காலத்துப் பலகை வீடு, சிமெண்ட் கால்களின் மேல் நிற்பது. வாரம் ஒரு சிறுவர் கதை வாசித்துப் பதிவு செய்து, தோட்டப்புறப் பிள்ளைகளின் பெற்றோர் குழுவுக்கு அனுப்புகிறேன். இரண்டு வருடமாக இதைச் செய்கிறேன்.

மைக் யூஎஸ்பி கண்டென்சர், பக்கவாட்டில் பேசும் வகை. முன்பு அதோடு வந்த சின்ன ஸ்டாண்டில் மேசை மேலேயே வைத்திருந்தேன். மேசை என்றால் மடக்கும் பிளாஸ்டிக் மேசை. பக்கம் புரட்டி உள்ளங்கையை மேசையில் வைத்தால் 'தொம்' என்று விழும். ஹெட்போனில் கேட்கும் பிள்ளைகளுக்குக் கதவில் யாரோ இடிப்பதுபோல் இருக்குமாம். அதனால் ஷாக் மவுண்டும் பூம் ஆர்மும் சேர்ந்த செட் ஒன்றை வாங்கினேன். மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு மைக்கைத் தொங்கவிட்டேன்.

'தொம்' கொஞ்சம்தான் குறைந்தது. அதோடு இப்போது புதிதாக ஒரு ரீங்காரம் வருகிறது. மேசையைத் தட்டினால் 'தொம்', அதன் வாலில் 'ஙொய்ங்'. எங்கே தப்பு செய்கிறேன்?

---

குணா_கேமிங் · செவ்வாய், இரவு 10:05

அக்கா, ஆர்ம் சரியாகத்தான் வாங்கியிருக்கிறீர்கள். மைக் மேசையை விட்டு மேலே போய்விட்டால் மேசைச் சத்தம் வராது. மீதி இருப்பதை ஆடாசிட்டியில் High-Pass Filter போட்டு 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். நான் கீபோர்டை ஓங்கி அடித்து விளையாடுகிற ஆள், எனக்கு இதுவே போதும். அந்த 'ஙொய்ங்' ஆர்ம் ஸ்பிரிங். அதற்குள் துணி செருகுங்கள்.

---

ராகவன்_ஈப்போ · செவ்வாய், இரவு 10:48

ஸ்பிரிங் விஷயத்தில் குணா சொல்வது சரி. ஆர்ம் விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மைக் மேசையை விட்டு மேலே போகவில்லை தம்பி. கிளாம்ப் மேசையைக் கவ்விக்கொண்டிருக்கிறது, கிளாம்பிலிருந்து இரும்புக் குழாய், குழாயின் முனையில் மைக். மேசையின் அதிர்வுக்கு அது நேரான சாலை. நீளமான கை என்பதால் அடியில் சின்னதாக அசைந்தாலும் முனையில் பெரிதாக ஆடும். பூம் ஆர்ம் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவர உதவும். அதிர்வைத் தடுப்பது அதன் வேலை இல்லை, அது ஷாக் மவுண்டின் வேலை. இரண்டையும் ஒரே பெட்டியில் விற்பதால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது.

மலர், வேறு எதுவும் வாங்குவதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். மைக்கை ஆர்மிலிருந்து கழற்றி, தலையணை ஒன்றை இரண்டாக மடித்து வேறொரு நாற்காலியில் வைத்து, அதன்மேல் மைக்கைப் படுக்க வையுங்கள். மேசையிலிருந்து முன்பு இருந்த அதே தூரம். வயர் மேசையைத் தொடக்கூடாது. ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு மேசையைத் தட்டுங்கள். 'தொம்' அப்படியே இருந்தால் அது காற்று வழியாக வருகிறது, எந்த ஷாக் மவுண்டும் உதவாது. மறைந்துபோனால் இரும்பு வழியாக வருகிறது, அதைத் தடுக்க முடியும்.

தட்டுவதையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தட்டுங்கள். கையால் தட்டினால் ஒப்பிட முடியாது. ஓர் அழிப்பானை 30 சென்டிமீட்டர் அடிக்கோல் உயரத்திலிருந்து மேசையின் ஒரே இடத்தில் போடுங்கள், ஐந்து தடவை. மைக்கின் கெயின் பித்தானைத் தொடாதீர்கள்.

---

சித்ரா_தைப்பிங் · செவ்வாய், இரவு 11:10

எனக்கும் இதே பிரச்சினைதான். பஜனையில் மைக்கைக் கையில் பிடித்துப் பாடும்போது 'கரகர'வென்று கேட்கிறது. டைனமிக் மைக்தான். டைனமிக் என்றால் இந்தத் தொல்லை வராது, கண்டென்சர்தான் எல்லாவற்றையும் இழுக்கும் என்றார்கள். ஷாக் மவுண்டைக் கையில் பிடிக்க முடியுமா?

---

ராகவன்_ஈப்போ · செவ்வாய், இரவு 11:31

சித்ரா, உங்களுடையது வேறு விஷயம், ஆனாலும் சொல்கிறேன். டைனமிக்கைப் பற்றி உங்களுக்குச் சொன்னது பாதிதான் உண்மை. தூரத்துச் சத்தத்தை அது குறைவாக எடுப்பதுபோல் தெரியும், ஏனென்றால் அதை வாய்க்கு ஒட்டி வைத்துப் பாடுகிறோம். கை உரசலைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். டைனமிக்கில் சவ்வோடு ஒரு செம்புக் கம்பிச் சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். அந்த எடை இருப்பதால், உடம்பு ஆடும்போது சவ்வு பின்தங்கி நிற்கும், அந்த வித்தியாசம் சத்தமாகப் பதிவாகும். கண்டென்சரின் சவ்வு மிக லேசானது, உடம்போடு சேர்ந்தே போய்விடும். அதனால்தான் எஸ்எம்58 போன்ற பாடகர் மைக்குகளில் கேப்ஸ்யூலுக்கு அடியிலேயே காற்று மெத்தை மாதிரி ஒரு ஷாக் மவுண்டை வைத்துவிடுகிறார்கள். மலிவான மைக்குகளில் அது பெயரளவில்தான் இருக்கும்.

வயரை நேராகத் தொங்கவிடாதீர்கள். ஒரு வளையமாக மடித்து மைக்கோடு சேர்த்துப் பிடியுங்கள். பாவாடையிலோ தரையிலோ உரசும் வயர்தான் பல நேரம் அந்தக் 'கரகர'வைக் கொண்டுவருகிறது. மோதிரத்தையும் கழற்றிப் பாருங்கள்.

---

மலர்_சுங்கைசிப்புட் · புதன், இரவு 8:55

அண்ணா, சோதனை செய்தேன். என் குரலின் உச்சம் -12 டெசிபெல் பக்கம் வருகிறது. ஆர்மில் மைக் இருக்கும்போது அழிப்பான் விழுந்த சத்தம் -15. குரலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! தலையணையில் வைத்தபோது -44. 'டப்' என்று லேசாக மட்டும் கேட்டது.

Plot Spectrum போட்டும் பார்த்தேன். 'தொம்' 105 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேடாக நிற்கிறது. 400-க்குப் பக்கத்தில் குச்சிபோல ஒன்று. அதுதான் 'ஙொய்ங்' என்று நினைக்கிறேன். ஸ்பிரிங்குகளுக்குள் பழைய டீ-சட்டைத் துணியைச் சுருட்டிச் செருகியதும் அந்தக் குச்சி போய்விட்டது. நன்றி குணா தம்பி.

போட்டோவும் போட்டிருக்கிறேன்.

---

ராகவன்_ஈப்போ · புதன், இரவு 9:20

-15-க்கும் -44-க்கும் நடுவில் 29 டெசிபெல். அவ்வளவும் இரும்பு வழியாக வருகிறது என்று அர்த்தம். நல்ல செய்திதான்.

போட்டோவில் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. முதலாவது, வயர். தடித்த யூஎஸ்பி வயரை மைக்கின் அடியிலிருந்து நேராக இழுத்து ஆர்மில் கட்டியிருக்கிறீர்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, ஆனால் அங்கே ஷாக் மவுண்ட் செத்துப்போகிறது. மைக்கை ரப்பரில் தொங்கவிட்டுவிட்டு, பக்கத்திலேயே ஒரு குச்சியை முட்டுக்கொடுத்த மாதிரி. முதல் கட்டை அவிழ்த்துவிட்டு, மைக்குக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் ஒரு சாண் வயர் தளர்வாகத் தொங்கி வளையும்படி விடுங்கள். அந்த வளையம் ஆர்மையோ மவுண்டின் சட்டத்தையோ தொடக்கூடாது.

இரண்டாவது, மவுண்டின் உள்வளையம் கீழே சாய்ந்திருப்பதுபோல் தெரிகிறது. ஒரு தாள் துண்டைக் கிழித்து, உள்வளையத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவில் சுற்றிலும் ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது தாள் சிக்கினால் இரும்பு இரும்பைத் தொடுகிறது. மைக்கைச் சமையலறைத் தராசில் வைத்து எடையும் சொல்லுங்கள்.

---

மலர்_சுங்கைசிப்புட் · புதன், இரவு 10:02

வயரைத் தளர்த்திவிட்டேன். அழிப்பான் சத்தம் -15-லிருந்து -20-க்கு இறங்கியது. ஒரு கட்டை அவிழ்த்ததற்கு இவ்வளவா என்று இருக்கிறது.

தாள் சோதனையில் பின்பக்கம் கீழே தாள் சிக்கியது, நகரவே இல்லை. மைக் 560 கிராம். ஆர்ம் பெட்டியில் ஒரு கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறதே?

---

ராகவன்_ஈப்போ · புதன், இரவு 10:25

ஒரு கிலோ தாங்குவது ஆர்ம். மவுண்டின் ரப்பர் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு, அதைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள். இந்த மாதிரி செட்டில் வரும் மவுண்டை 200, 300 கிராம் மைக்கை நினைத்துத்தான் செய்கிறார்கள். 560 கிராம் ஏறியதும் ரப்பர் முழுக்க இழுபட்டு மைக் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. எடை குறைந்த மைக்கைக் கனமான மவுண்டில் போட்டால் இதற்கு எதிர்மாறான கோளாறு வரும், ரப்பர் அசையவே அசையாது.

எவ்வளவு தொங்கினால் சரி என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மைக் இல்லாமல் உள்வளையம் இருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். மைக்கை வைத்ததும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று பாருங்கள். அதுதான் d.

```
f = 15.8 / √d
```

f என்பது அந்த மைக்கும் ரப்பரும் தாமாக ஆடும் வேகம், ஹெர்ட்ஸில். 4 மில்லிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். 1 மில்லிமீட்டர்தான் இறங்கினால் 16. ரப்பர் வேகமான ஆட்டத்தில் கொஞ்சம் விறைப்பு காட்டும், அதனால் உண்மையான எண் இதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். மவுண்ட் தடுக்க ஆரம்பிப்பது இந்த எண்ணைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேலேதான். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வைத் தடுக்காது, பெரிதாக்கவே செய்யும். உங்கள் 'தொம்' 105-ல் இருக்கிறது. மவுண்ட் 8-இலோ 10-இலோ ஆடினால் அதை நன்றாகவே அடக்கிவிடும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் மைக் உண்மையிலேயே தொங்கினால்தான். சட்டத்தைத் தொட்டுவிட்டால் கணக்கே இல்லை.

---

குணா_கேமிங் · புதன், இரவு 10:40

அண்ணே, அப்போது என்னுடையதில் ஏன் பிரச்சினை இல்லை? நானும் மேசையில்தான் கிளாம்ப் போட்டிருக்கிறேன். ஃபில்டர் மட்டும்தான்.

---

ராகவன்_ஈப்போ · புதன், இரவு 10:58

உன் மேசை என்ன மேசை? கனமான பலகையா?

ஃபில்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலரின் குரல் பெண் குரல், அதன் அடி பெரும்பாலும் 165-க்கு மேலேதான் தொடங்கும். அதனால் 100 வரை வெட்டினால் அவருக்கு நஷ்டம் இல்லை. உன் குரலின் அடியோ 85-லிருந்து 155-க்குள் எங்கேயாவது இருக்கும். 120-ல் வெட்டினால் நெஞ்சுக் கனம் கொஞ்சம் போய்விடும். அப்புறம், 120-ல் வைத்தால் 105-ல் இருக்கும் 'தொம்' முழுதாக மறையாது, சரிவின் தொடக்கத்தில்தானே நிற்கிறது. இன்னொன்று, 'தொம்' வந்து மைக்கின் உச்சத்தைத் தாண்டிக் கிழிந்துவிட்டால், பிறகு எந்த ஃபில்டராலும் அந்தக் கிழிசலைத் தைக்க முடியாது.

---

குணா_கேமிங் · புதன், இரவு 11:03

மேசை பழைய மரக்கதவு அண்ணே, இரண்டு இரும்பு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். நாலு பேர் சேர்ந்தால்தான் தூக்க முடியும். சரி, புரிகிறது. ஆனால் 120-ல் என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

---

பெருமாள்_பால்மரம் · வியாழன், காலை 6:20

நான் மைக் அறியாதவன். பேரன் காட்டித்தான் இதைப் படித்தேன். ஆனால் ரப்பரை 31 வருடம் பார்த்திருக்கிறேன், பால் கொட்டகையில் ஆரம்பித்து ஃபேக்டரி வரைக்கும். அதனால் ஒரு வார்த்தை.

மலர், நீங்கள் போட்ட போட்டோவைப் பேரன் பெரிதாக்கிக் காட்டினான். அந்த ரப்பர் கயிறு கொக்கியில் வளையும் இடத்தில் குறுக்கே கோடுகோடாக வெடிப்பு தெரிகிறது. ரப்பரைச் சும்மா வைத்தால் அவ்வளவு சீக்கிரம் கெடாது. இழுத்துக் கட்டி வைத்தால்தான் காற்றில் இருக்கும் ஓசோன் அதைத் தின்னும். இழுத்த பக்கத்துக்குக் குறுக்காகத்தான் வெடிக்கும், அதுதான் அடையாளம். வெயில் பட்டால் இன்னும் வேகம். கையிலுள்ள எண்ணெயும் ஆகாது. ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களா?

ரப்பர் வளையங்களைக் கோத்துத் தானே மவுண்ட் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். நம் ஊர் வெக்கைக்கு அது சில வாரம்தான் தாங்கும். தையல் சாமான் கடையில் நூல் போர்த்திய உருண்டை எலாஸ்டிக் கிடைக்கும், வட்டமாக, கொஞ்சம் தடிப்பாக. நூல் உறை இருப்பதால் உள்ளே இருக்கும் ரப்பர் அதிக நாள் வரும். அதை வாங்கிக் கட்டுங்கள். ஒரு சுற்று தொங்கினால் இரண்டு சுற்றுப் போடுங்கள். இரண்டு சுற்றுப் போட்டால் இறக்கம் பாதியாகக் குறையும். கட்டும்போது எல்லாப் பக்கமும் ஒரே இழுவை இருக்கட்டும், ஒரு பக்கம் விறைப்பும் ஒரு பக்கம் தளர்வும் வேண்டாம்.

---

மலர்_சுங்கைசிப்புட் · வியாழன், காலை 7:15

ஐயா, ஆமாம், ஜன்னல் பக்கம்தான். காலை வெயில் நேராக விழும். விரலால் தொட்டுப் பார்த்தேன், சொரசொரப்பாக இருக்கிறது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. இன்றைக்கே கடைத்தெருவுக்குப் போகிறேன்.

---

மலர்_சுங்கைசிப்புட் · வெள்ளி, இரவு 10:30

3 மில்லிமீட்டர் உருண்டை எலாஸ்டிக் இரண்டு மீட்டர் வாங்கினேன். பழையதைக் கழற்றும்போது ஒரு கொக்கியில் கயிறு கையோடு அறுந்து வந்தது. புதியதை முதலில் ஒரு சுற்றுக் கட்டினேன், மைக் மறுபடியும் சட்டத்தில் உட்கார்ந்தது. அவிழ்த்து இரண்டு சுற்றாகக் கட்டினேன். முடிச்சு சட்டத்தில் படாமல் இருக்க இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது 5 மில்லிமீட்டர் இறங்குகிறது. கணக்குப்படி ஏறக்குறைய 7 ஹெர்ட்ஸ். தாள் துண்டு எல்லாப் பக்கமும் தடையில்லாமல் ஓடுகிறது.

அழிப்பான் சத்தம் -31.

கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பக்கம் புரட்டும் சத்தம் இப்போது தாள் சத்தமாகவே கேட்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று. அம்மா பக்கத்து அறையில் நடந்தால் மைக் மெதுவாக ஆடுவது கண்ணுக்கே தெரிகிறது. காதில் பெரிதாகக் கேட்கவில்லை, ஆனால் திரையில் அலை மேலும் கீழும் நெளிகிறது. ரொம்பத் தளர்வாகக் கட்டிவிட்டேனா?

---

ராகவன்_ஈப்போ · வெள்ளி, இரவு 11:05

-31 நல்ல வேலை. பெருமாள் ஐயாவுக்கு நானும் நன்றி சொல்ல வேண்டும், அந்த வெடிப்பை நான் கவனிக்கவே இல்லை.

நடக்கும்போது ஆடுவது எதிர்பார்த்ததுதான். பலகைத் தரை மிதிபடும்போது சற்றே கீழே போய் மேலே வரும். அது மெதுவான ஆட்டம், வினாடிக்குப் பத்து, பதினைந்து தடவை. மவுண்ட் அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது, அதனால் அதைத் தடுக்காது. விறைப்பாகக் கட்டினாலும் தீராது. 16-க்குக் கொண்டுபோனால் தரை ஆட்டத்தின் மேலேயே போய் உட்கார்ந்து இன்னும் மோசமாகலாம். இருக்கிறபடி விட்டுவிடுங்கள். இந்த நெளிவுக்குத்தான் குணா சொன்ன ஃபில்டர். 80-ல் வைத்தால் போதும், அவ்வளவு கீழே இருப்பது துடைத்த மாதிரி போய்விடும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. கிளாம்பை மேசையிலிருந்து எடுத்துவிட முடியுமா? நீங்கள் கை வைக்காத, கனமான ஏதாவது ஒன்றில் மாட்டினால் 'தொம்' பிறக்கும் இடமே மைக்கை விட்டுப் பிரிந்துவிடும். சுவரில் வேண்டாம், பலகைச் சுவர் மேளம் மாதிரி. அலமாரி, இரும்பு மேசை, எதுவானாலும் சரி. வைக்கும் இடமும் முக்கியம். தரைப்பலகையின் நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். கீழே சிமெண்ட் கால் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வைத்தால் ஆட்டம் குறைவு.

---

மலர்_சுங்கைசிப்புட் · சனி, மாலை 5:45

பாட்டியின் தையல் மெஷின் இருக்கிறது அண்ணா, காலால் மிதிப்பது, வார்ப்பிரும்புக் கால். யாரும் இப்போது தைப்பதில்லை, மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். அதை இழுத்து வந்து, தம்பியைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லி, சிமெண்ட் காலுக்கு நேர் மேலே வைத்தோம். ஜன்னல் வெயிலும் அங்கே படாது. மிதி பலகை தடதடக்காமல் இருக்க அதற்கடியில் ஒரு துண்டை மடித்து வைத்தேன். மெஷினின் மரப்பலகையில் ஆர்மை மாட்டினேன். என் கதைப் புத்தகம் இருக்கும் மடக்கு மேசை இதைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளியில் நிற்கிறது.

அழிப்பான் சத்தம் -42. தலையணையில் வைத்தபோது -44 வந்தது, ஏறக்குறைய அந்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

ஒரு கதை முழுக்கப் பதிவு செய்தேன். முயல் கதவைத் தட்டும் இடத்தில் வேண்டுமென்றே மேசையைத் தட்டினேன், அது சின்ன 'டொக்'காக, தூரத்தில் கேட்பதுபோல் விழுந்தது.

மிச்சம் இருப்பது லாரிதான். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வீட்டு முன்னால் போனால் 'உர்ர்ர்' என்று அடியில் ஓடுகிறது. 80 ஃபில்டர் பாதியை எடுக்கிறது, மீதி குரலுக்கு அடியில் தெரிகிறது. மெஷினின் கால்களுக்கு அடியில் யோகா மேட் வெட்டி வைக்கலாமா?

---

குணா_கேமிங் · சனி, மாலை 6:10

வைக்கலாம் அக்கா, கண்டிப்பாக உதவும். என் நண்பன் ஸ்பீக்கருக்கு அடியில் வைத்திருக்கிறான்.

---

பெருமாள்_பால்மரம் · சனி, மாலை 6:45

வார்ப்பிரும்பு அவ்வளவு கனம். அது உட்கார்ந்தால் யோகா மேட் அப்பளமாக நசுங்கிவிடும். நசுங்கிய ரப்பரில் துள்ளல் இருக்காது. வைப்பதானால் தடிப்பான ரப்பர் கட்டை வேண்டும், அதுவும் அந்தக் கனத்துக்குக் கொஞ்சமாவது இறங்க வேண்டும். ராகவன் ஐயா மைக்குக்குச் சொன்ன அதே கணக்குத்தானே இது?

---

ராகவன்_ஈப்போ · சனி, இரவு 8:30

அதே கணக்குத்தான் ஐயா. மேட் அரை மில்லிமீட்டர்தான் நசுங்கினால் 22 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். லாரி தரை வழியாக அனுப்பும் அதிர்வு அதைச் சுற்றியேதான் இருக்கும். அதனால் உதவுமா கெடுக்குமா என்று வைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. குணா சொல்வது ஸ்பீக்கர், அதன் நிலைமை வேறு.

அதைவிட, லாரிச் சத்தம் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மலர், மறுபடியும் தலையணையை எடுங்கள். ஆர்மில் இருக்கும்போது ஒரு லாரி, தலையணையில் இருக்கும்போது ஒரு லாரி. இரண்டிலும் ஒரே அளவில் 'உர்ர்ர்' இருந்தால் அது ஜன்னல் இடுக்கிலும் பலகை இடைவெளியிலும் காற்றாக நுழைகிறது. அப்போது எந்த மேட்டும் வேண்டாம், ஜன்னலைப் பற்றித்தான் பேச வேண்டும்.

---

சித்ரா_தைப்பிங் · சனி, இரவு 9:15

நடுவில் ஒரு வார்த்தை. வயரை வளையமாகப் பிடித்துப் பாடினேன், மோதிரத்தையும் கழற்றினேன். 'கரகர' முக்கால்வாசி போய்விட்டது. 'ப' எழுத்து வரும் இடங்களில் மட்டும் 'புப்' என்று இடிக்கிறது. இதுவும் கை அதிர்வா?

---

ராகவன்_ஈப்போ · சனி, இரவு 9:22

இல்லை சித்ரா, அது வாயிலிருந்து வரும் காற்று. மைக்கை உதட்டுக்கு நேராகப் பிடிக்காமல் வாய் ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். போகவில்லை என்றால் தனி இழை ஒன்று தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.

---

மலர்_சுங்கைசிப்புட் · ஞாயிறு, இரவு 9:50

இன்றைக்கு ஞாயிறு, லாரி மூன்றுதான் போனது. ஆர்மில் ஒன்றைப் பிடித்தேன், தலையணையில் இரண்டைப் பிடித்தேன். தலையணையில் ஒன்று ஆர்மில் இருந்த அளவுக்கே இருந்தது, இன்னொன்று பாதிதான் இருந்தது. இரண்டாவது காலி லாரியோ என்னவோ. இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. நாளைக் காலை ஆலைக்குப் போகும் நேரத்தில் வரிசையாகப் போகும், அப்போது ஐந்தாறு பிடித்துவிட்டுப் போடுகிறேன். அதுவரை கதையை இரவு பத்துக்கு மேல் பதிவு செய்கிறேன்.